நாலு நிமிடம் இருபது விநாடி: ஃபைபர் டிவியோடு நாலு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "உங்க வீட்ல ஃபைபர்லதானே டிவி வருது? நாங்களும் போடலாம்னு இருக்கோம். எப்படி இருக்கு?" அன்றைக்கு எனக்கு அந்த டிவி மேல் கடும் கோபம். ஹாலில் இருந்த எட்டு போர்ட் நெட்வொர்க் சுவிட்ச் முந்தின நாள்தான் செத்துப்போயிருந்தது. அவசரத்துக்கு வாங்கி மாட்டிய மலிவான சுவிட்சால் வீட்டில் வைஃபையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. அதனால் நண்பருக்கு அன்று சொன்னது பாதி நியாயம், பாதி எரிச்சல். இப்போது ஆற அமர எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக வீட்டுக்கு இந்த இணைப்பு வந்து நாலு வருடம் ஆகிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சேனல் பட்டியலும் வேண்டாம். அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் பேச வந்தது சேனல்கள் வீட்டுக்குள் வந்து சேரும் விதத்தைப் பற்றி.

அந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு இழையிலிருந்து 32 வீடுகளுக்கு ஃபைபரைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்டி சேனலுக்கு 8 எம்பிபிஎஸ். உலகக் கோப்பை இறுதிப் போட்டியை 32 வீடும் செயலியில் பார்த்தால் ஆளுக்கொரு பிரதி, மொத்தம் 256 எம்பிபிஎஸ். எங்கள் டிவி வருவது மல்டிகாஸ்டில், அதாவது பார்க்கிறவர் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றை அனுப்பும் முறையில். அதில் இழைக்குள் ஒரே பிரதி, வெறும் 8 எம்பிபிஎஸ். கண்ணாடி இழையில் வரும் ஒளி எப்படியும் 32 வீட்டுக்கும் பிரிந்துதான் போகிறது. அவரவர் வீட்டுச் சுவரில் ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிதான் தன் வீட்டார் கேட்டதை மட்டும் உள்ளே விடுகிறது.

கேட்பது என்றால் என்ன? ரிமோட்டில் சேனலை அழுத்தியதும் செட்-டாப் பாக்ஸ் அந்தச் சேனலின் முகவரியைச் சொல்லி, "239.1.1.24 எனக்கு வேண்டும்" என்ற மாதிரி ஒரு குட்டிச் செய்தி அனுப்புகிறது. அதுதான் ஐஜிஎம்பி ரிப்போர்ட். யாரும் கேட்காத சேனல் யார் வீட்டுக்கும் வராது. 200 எச்டி சேனலையும் கேட்காமலே கொட்டினால் 1.6 ஜிபிபிஎஸ். எங்கள் வீட்டு ஒரு ஜிபிபிஎஸ் போர்ட்டில் அது நுழையவே நுழையாது.

பலன் கண்கூடு. நாலு வருடத்தில் ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டியில்கூட எங்கள் வீட்டில் படம் சுற்றிக்கொண்டு நின்றதில்லை. விக்கெட் விழுந்து நாங்கள் கத்தி ஓய்ந்த பிறகுதான் செயலியில் பார்க்கும் பக்கத்து வீட்டில் கத்துவார்கள். அந்த இடைவெளி அரை நிமிடம்கூட இருக்கும்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

முதல் வருடம் நிறுவனம் கொடுத்த ரவுட்டரை எடுத்துவிட்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் போட்ட என் சொந்த ரவுட்டரை வைத்தேன். டிவிக்குத் தனி விலான், அதாவது அதே கேபிளுக்குள் பிரித்த தனிப் பாதை, அதற்கு ஃபயர்வாலில் தனி ஸோன், சேனலை உள்ளே கொண்டுவர `igmpproxy` என்ற நிரல். படம் அருமையாக வந்தது. அன்று இரவே அத்தை, அதாவது என் மாமியார், கூப்பிட்டார். "மாப்பிள்ளை, சீரியல் அப்படியே நின்னுபோச்சு." போய்ப் பார்த்தால் முகம் உறைந்து நிற்கிறது. வேறு சேனல் மாற்றிவிட்டுத் திரும்பி வந்தால் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நிற்கிறது.

வாடிக்கையாளர் சேவையில் பாக்ஸ் கோளாறு என்றார்கள். மாற்றினார்கள். மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது பாக்ஸும் அதேபோல் நின்றது. அத்தைதான் ஒன்றைக் கவனித்தார்: "எப்பவும் ஒரே நேரத்துலதான் நிக்குது. சேனல் மாத்துனா மறுபடி அதே அளவு ஓடுது." மூன்று வாரம் போன் பேசியதில் கிடைக்காத துப்பு அது. கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். நாலு நிமிடம் இருபது விநாடி. இன்னொரு சேனலிலும் அதே நாலு இருபது, ஓரிரு விநாடி கூடக் குறைய.

நாலு இருபது என்றால் 260 விநாடி. சிக்னல் மோசமாக இருந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், எப்போது வேண்டுமானாலும் உடையும். இப்படிக் கடிகாரம் வைத்த மாதிரி நிற்காது. ஐஜிஎம்பியின் வழக்கமான அமைப்பில் மேலே, நிறுவனத்தின் பக்கம் இருக்கும் சாதனம் 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் யாராவது பார்க்கிறீர்களா?" என்று கேட்கும். பதில் சொல்லப் பத்து விநாடி அவகாசம். ஒரு கேள்வி வழியில் தொலைந்துபோகலாம் என்பதால் இரண்டு சுற்றுவரை பொறுத்துக்கொள்ளும். 125-ஐ இரண்டால் பெருக்கி 10 சேர்த்தால் 260. அதுவரை பதில் வராவிட்டால், ஆள் இல்லை என்று முடிவு செய்து சேனலை நிறுத்திவிடும்.

ஆக, என் வீட்டிலிருந்து பதில் போகவில்லை. ரவுட்டரில் ஏறி, டிவி விலானில் போகிற வருகிற ஐஜிஎம்பி செய்திகளைக் காட்டும் இந்தக் கட்டளையை ஓடவிட்டேன்:

```
tcpdump -ni eth1.20 igmp
```

திரையில் தெரிந்ததன் சாரம் இது:

```
20:10:07 IP 10.40.3.7 > 239.1.1.24: igmp v2 report 239.1.1.24
20:11:20 IP 10.40.0.1 > 224.0.0.1: igmp query v2
20:13:25 IP 10.40.0.1 > 224.0.0.1: igmp query v2
```

முதல் வரி, அத்தை சேனல் மாற்றியபோது நாங்கள் கேட்டது. அடுத்த இரண்டு வரிகள் மேலிருந்து வந்த கேள்விகள், சரியாக 125 விநாடி இடைவெளியில். இரண்டுக்கும் நாங்கள் பதில் சொல்லவில்லை. 20:14:27-க்குப் படம் நின்றது.

கேள்வி வந்தும் பதில் ஏன் இல்லை? `tcpdump` பாக்கெட்டைப் பார்ப்பது ஃபயர்வாலுக்கு முன்னால். அதனால் அதன் கண்ணுக்குக் கேள்வி தெரிந்தது. அதற்கு அடுத்த படியில் ஃபயர்வால் அதைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. ஓபன்டபிள்யூஆர்டியில் இணையப் பக்கத்துக்கான வழக்கமான `wan` ஸோனில் ஐஜிஎம்பியை அனுமதிக்கும் விதி தயாராகவே இருக்கும். நான் டிவிக்கென்று புதிதாக உருவாக்கிய ஸோனில் அது இல்லை. வீடியோ பாக்கெட்டுக்கு வழி திறந்துவிட்டேன், கேள்விக்குத் திறக்கவில்லை. முதல் ரிப்போர்ட் நாமாகவே வெளியே அனுப்புவது, அதை யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் முதல் 260 விநாடி நன்றாக ஓடி ஏமாற்றியது. `/etc/config/firewall` கோப்பில் சேர்த்தது இவ்வளவுதான்:

```
config rule
	option name 'IPTV-IGMP'
	option src 'iptv'
	option proto 'igmp'
	option target 'ACCEPT'
```

அதன் பிறகு இன்றுவரை ஒருநாளும் அப்படி உறையவில்லை.

நியாயமாகச் சொன்னால் பிழை என் அமைப்பில்தான். சொந்த ரவுட்டர் வைத்தால் பொறுப்பு எங்களுடையதல்ல என்று அவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. ஒவ்வொரு போனிலும் "சரியா நாலு நிமிஷம் இருபது விநாடியில நிக்குது" என்று சொன்னேன். இந்தச் சேவையை நடத்துகிறவர்களுக்கு அந்த எண் ஒன்றே போதும். எங்கள் இணைப்பிலிருந்து கேள்விக்குப் பதில் வருகிறதா என்று அவர்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டு இரண்டு பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆள் வந்து போனார்.

இப்போது செத்துப்போன சுவிட்சுக்குப் பதிலாக மாட்டிய மலிவான சுவிட்சுக்கு வருகிறேன். சாதாரண சுவிட்ச், எந்தச் சாதனம் எந்த போர்ட்டில் என்பதை அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். மல்டிகாஸ்ட் முகவரி எப்போதும் பெறுநராக மட்டுமே வரும், அனுப்புநராக வரவே வராது. அதனால் சுவிட்ச் அதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை, எல்லா போர்ட்டிலும் கொட்டும். கேபிள் போட்ட கணினிக்கு 8 எம்பிபிஎஸ் ஒரு பொருட்டே இல்லை. அறையில் இருக்கும் வைஃபை பெட்டிக்குத்தான் அது எமன். வைஃபையில் மல்டிகாஸ்டை வழக்கமாக எல்லாச் சாதனத்துக்கும் கேட்கும்படி மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில்தான் அனுப்புவார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் 6 எம்பிபிஎஸ். ஆறு எம்பிபிஎஸ் குழாயில் எட்டு எம்பிபிஎஸ் சேனலைத் திணித்தால், காற்றில் வேறு எதற்கும் இடமில்லை. டிவி போட்டால் மகளின் வீடியோ வகுப்பு அறுந்தது, நிறுத்தினால் உடனே சரியானது. கண்டுபிடிப்பது எளிது: டிவி ஓடும்போது சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னும்.

இதற்கு ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் உள்ள சுவிட்ச் வேண்டும். எந்த போர்ட்டிலிருந்து ரிப்போர்ட் வந்தது என்பதை ஒட்டுக் கேட்டு, அங்கே மட்டும் சேனலை விடும். ஆனால் அதற்கும் அந்த 125 விநாடிக் கேள்வி வேண்டும். வீட்டுப் பக்கம் அதைக் கேட்க யாரும் இல்லையென்றால், சுவிட்சும் தன் பட்டியலில் இருந்து பாக்ஸை நீக்கிவிடும், படம் மறுபடி அதே மாதிரி நிற்கும். எங்கள் வீட்டில் `igmpproxy` அந்த வேலையைச் செய்கிறது.

நண்பரிடம் அவர் வீட்டு அமைப்பை விசாரித்தேன். கேபிள் இழுக்க முடியாது, மூன்று அறையில் மெஷ் வைஃபை, பாக்ஸையும் வைஃபையில்தான் மாட்டவேண்டும். சில மெஷ் பெட்டிகள் மல்டிகாஸ்டை ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனிப் பிரதியாக மாற்றி வேகமாக அனுப்பும், சில அனுப்பாது. அவருடையது எது என்று பெட்டியின் அட்டையில் இல்லை. "வேண்டாம், செயலியிலேயே பாருங்க" என்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

எங்கள் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன். ஸ்னூப்பிங் உள்ள புது சுவிட்ச் நேற்று வந்தது. மாட்டிவிட்டு, அத்தையிடம் சீரியலைப் போடச் சொல்லி, ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் தாண்டியும் ஓடியது. அடுத்த அறையில் மகளின் வகுப்பும் அறுபடவில்லை.