ஒரே மார்ச் 4-க்கு மூன்று டியூ டேட்: நாற்பது வாரக் கணக்கோடு என் அனுபவம்

தோழி ஒருத்தி கேட்ட கேள்விக்காக இதை எழுதுகிறேன். அவளுக்குக் கடைசி பீரியட்ஸ் தொடங்கியது மார்ச் 4. செயலி டிசம்பர் 9 என்கிறது. அவள் அம்மா விரல் விட்டு எண்ணி டிசம்பர் 11 என்கிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் டிசம்பர் 17. "ரெண்டு பிள்ளை பெத்தவ நீ, எதை நம்புறதுன்னு சொல்லுடி" என்கிறாள்.

முதல் இரண்டுக்கும் நடுவே சண்டையே இல்லை. செயலி மார்ச் 4-லிருந்து நாற்பது வாரத்தை, அதாவது 280 நாளை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அம்மா மூன்று மாதம் பின்னால் போய் ஏழு நாள் கூட்டுகிறார். மாதங்களின் நீளம் ஒன்றுபோல இல்லாததால் ஓரிரு நாள் முன்பின் வரும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது தொடங்கும் இடம். கரு என்றைக்கு உண்டானது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. உதிரப்போக்கு தொடங்கிய நாள் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் நாள் தள்ளிப்போய் டெஸ்ட் எடுக்கும்போதே "நாலு வாரம்" என்கிறார்கள். கரு உண்டாகி அப்போது சுமார் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும்.

எரிச்சல் வேறு இடத்தில். உனக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. எல்லாருக்கும் 28 நாள், பதினான்காம் நாள் வாக்கில் கருமுட்டை வெளிவரும் என்று தானே வைத்துக்கொள்கிறது. தோழிக்கு 35 நாள் சுழற்சி. முட்டை வெளிவருவதே இருபத்தோராம் நாள் வாக்கில். அந்த ஏழு நாளைக் கூட்டினால் டிசம்பர் 9 என்பது 16 ஆகிவிடும். மே 22 அன்று எடுத்த ஸ்கேனும் இதையே சொல்கிறது. கணக்குப்படி அன்று 11 வாரம் 2 நாள். குழந்தையின் நீளப்படி 10 வாரம் 1 நாள். வித்தியாசம் எட்டு நாள். ஒன்பதிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் ஏழு நாளுக்கு மேல் இடித்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆக, டிசம்பர் 17.

எனக்கும் நீண்ட சுழற்சிதான், அதனால்தான் இவ்வளவு கோபம். ஒரு வாரம் பிசகினால் கடைசியில் வலிக்கிறது. 41 வாரம் ஆச்சு, வலி வர மருந்து வைக்கலாமா என்று பேச்சு எழும்போது உண்மையில் 40 வாரம்தான் ஆகியிருக்கும். இரண்டாவது தடவை தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் பீரியட்ஸே ஒழுங்காக வரவில்லை. அப்போது இந்தக் கணக்கு எதற்குமே உதவவில்லை. ஆரம்ப ஸ்கேன்தான் கைகொடுத்தது. அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏழெட்டு மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றுவது சரியில்லை; அப்போது குழந்தை சிறியதாகத் தெரிந்தால் அது வளர்ச்சிக் குறைவாகவும் இருக்கலாம்.

இத்தனை திட்டியும், இன்னொரு முறை நாள் தள்ளிப்போனால் முதலில் காலண்டரைத்தான் எடுப்பேன். ஸ்கேனுக்கு எப்போது போவது என்று தெரியவே இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. தோழிக்கு 17 என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மார்ச் 4-ஐ மட்டும் சொல்லாமல் 35 நாள் சுழற்சி என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல் என்றும் சொல்லியிருக்கிறேன்.