கெல்டால் முறையில் 11 ஆண்டுகள்: கொள்ளு மாவு கற்றுத்தந்த கணக்கு

தர்மபுரியில் உள்ள ஒரு சிறிய உணவுப் பரிசோதனைக் கூடத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களிலிருந்து எங்களுக்கு வருவன பெரும்பாலும் கேழ்வரகு மாவு, சாமை, கொள்ளு, இவற்றைக் கலந்து அரைத்த சத்துமாவு ஆகியவையே. பொட்டலத்தில் அச்சிடப் புரத அளவு வேண்டும் என்று கேட்பார்கள். அந்த ஓர் எண்ணுக்காக 1883-இல் கோபன்ஹேகனில் யோஹான் கெல்டால் வகுத்த முறையையே இன்றும் நம்பியிருக்கிறோம். அம்முறையை நீண்ட நாள் கையாண்டதில், எங்கே அதை நம்பலாம், எங்கே அது சத்தமில்லாமல் ஏமாற்றும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேலை மூன்று கட்டங்களாக நடக்கும். முதலாவது செரித்தல், கூடத்தில் டைஜெஷன் என்றே சொல்வோம். 1 கிராம் மாவை நீண்ட கண்ணாடிக் குழாயில் இட்டு, 7 கிராம் பொட்டாசியம் சல்பேட்டும் சிறிது காப்பர் சல்பேட்டும் சேர்த்து, 12 மில்லி அடர் கந்தக அமிலம் ஊற்றி, 420 டிகிரியில் உள்ள சூடேற்றியில் வைப்போம். பொட்டாசியம் சல்பேட் அமிலத்தின் கொதிநிலையை உயர்த்துகிறது. காப்பர் சல்பேட் வினையை விரைவாக்குகிறது. கரியாய்ப் பொங்கும் கலவை மெல்லத் தெளிந்து, மாவிலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் சல்பேட்டாக அமிலத்தில் தங்கிவிடும். ஆறியபின் நீர் சேர்த்து, 40 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடை மிகையாக ஊற்றி வடித்தால், அம்மோனியா நீராவியோடு வந்து, அளந்து வைத்த 25 மில்லி 0.1 நார்மல் அமிலத்தில் இறங்கும். மீதமிருக்கும் அமிலத்தை நடுநிலையாக்க 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு தேவை என்று பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்ப்பதே கடைசிக் கட்டம்.

இந்தக் கடைசிக் கட்டம் பின்னோக்கிய கணக்கு என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு நான் இரண்டு முறை சொல்வேன். பியூரெட்டில் குறைவாக இறங்கினால் நைட்ரஜன் அதிகம். மாவு இல்லாமல், மற்ற எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யும் வெற்றுச் சோதனையின் அளவை B என்றும், மாவின் அளவை S என்றும், சோடியம் ஹைட்ராக்சைடின் நார்மாலிட்டியை C என்றும், மாவின் எடையை W என்றும் கொண்டால்:

```
%N = (B − S) × C × 1.4007 ÷ W
```

கேழ்வரகு மாவு ஒன்றில் எனக்குக் கிடைத்த அளவுகளை எடுத்துக்கொள்வோம். வெற்றுச் சோதனை 24.8 மில்லி, மாவு 16.6 மில்லி, எடை 1 கிராம். வித்தியாசம் 8.2 மில்லி, நைட்ரஜன் 1.15 சதவீதம், நைட்ரஜனைப் புரதமாக்கும் வழக்கமான பெருக்கியான 6.25-ஆல் பெருக்கினால் புரதம் 7.2 சதவீதம். கேழ்வரகுக்கு இது இயல்பான எண்.

கொள்ளில்தான் நான் தவறினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மகளிர் குழுவினர் மூன்று வெவ்வேறு ஊர்களில் வாங்கிய கொள்ளை அரைத்துக் கொண்டுவந்தார்கள். பழக்கத்தால் அவற்றிலும் 1 கிராமே எடுத்தேன். வடிக்கும்போது, மெத்தில் ரெட் கலந்து சிவந்திருந்த அமிலம் பாதியிலேயே மஞ்சளாகிவிட்டது. தரம் பார்க்க ஒன்றும் மீதமில்லை என்று S-ஐச் சுழியமாக வைத்துக் கணக்கிட்டேன். மூன்றுக்கும் 21.7 சதவீதம் வந்தது. கொள்ளுக்குப் புத்தகங்களில் போட்டிருக்கும் அளவும் ஏறக்குறைய 22 என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது மூத்த ஆய்வாளர் அறிக்கையைப் பார்த்து, "மூணு ஊர்க் கொள்ளும் ஒரே அளவா இருக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

21.7 என்பது கொள்ளின் அளவல்ல. என் குடுவையின் எல்லை. 24.8 மில்லி அமிலத்தால் 34.7 மில்லிகிராம் நைட்ரஜனைத்தான் பிடிக்க முடியும். அதற்கு மேல் வந்த அம்மோனியா காற்றில் போய்விட்டது. மறுநாள் அரை கிராம் எடுத்துச் செய்தபோது ஒரு மாவுக்கு S 11.3 மில்லி வந்தது. வித்தியாசம் 13.5, நைட்ரஜன் 3.78, புரதம் 23.6 சதவீதம். மற்ற இரண்டும் வெவ்வேறாகவே அமைந்தன. அன்றிலிருந்து, வடிக்கும்போது குடுவை மஞ்சளானால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எடையைக் குறைத்து மீண்டும் தொடங்குவேன். போரிக் அமிலத்தில் பிடித்து நேரடியாகத் தரம் பார்க்கும் வழியில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு, அங்கே துல்லியமாகத் தெரிய வேண்டிய கரைசலும் ஒன்றுதான். பின்னோக்கிய முறையில் அமிலம், காரம் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலுவிழப்பதால், அதன் நார்மாலிட்டியை வாரம் ஒருமுறை சரிபார்க்கிறேன்.

மற்றொரு பாடம் எங்கள் ஊர்த் தண்ணீரால் வந்தது. போர்வெல் நீர் கடினமானது. குளிர்விப்பானின் உட்சுவரில் நாளடைவில் வெள்ளை உப்பு படிந்துவிட்டது. ஒரு சித்திரை மாதத்தில் எல்லா முடிவுகளும் சற்றே குறைந்து வந்தன. நீராவி சரியாகக் குளிராமல், வடிநீர் இறங்கும் குடுவையைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. 100 மில்லிகிராம் அம்மோனியம் சல்பேட்டை நேரடியாக வடித்துப் பார்த்தேன், வித்தியாசம் 15.1 மில்லி வர வேண்டிய இடத்தில் 14.6 மில்லிதான் வந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் படிவைக் கரைத்து எடுத்தபின் 15.1 திரும்பியது. இப்போது மாதத்தின் முதல் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாமல் வேறு வேலை தொடங்குவதில்லை.

ஆனால் அம்மோனியம் சல்பேட் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணக் கூடாது. அது வடித்தலை மட்டுமே சோதிக்கிறது, செரித்தலை அல்ல. கலவை தெளிந்தவுடன் அடுப்பை அணைத்தால், பிடிவாதமான அமினோ அமிலங்களில் உள்ள நைட்ரஜன் முழுமையாக மாறியிராது. கண்ணுக்கு எந்த அடையாளமும் தெரியாது. ஆகவே தெளிந்தபின்னும் அரை மணி நேரமாவது கொதிக்கவிடுகிறேன். சந்தேகம் வந்தால், 13.7 சதவீத நைட்ரஜன் கொண்ட தூய டிரிப்டோஃபேனைச் செரித்து, அந்த எண் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் நாம் அளந்தது நைட்ரஜனே. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்று கொண்டு 100-ஐ 16-ஆல் வகுத்ததே 6.25. தானியத்துக்குத் தானியம் இது மாறும், சிறுதானியங்களுக்கு 5.83, அரிசிக்கு 5.95, பாலுக்கு 6.38 என்பன வழக்கிலுள்ள பெருக்கிகள். மேலே சொன்ன கேழ்வரகை 5.83-ஆல் பெருக்கினால் 7.2 என்பது 6.7 ஆகிவிடும். அதே மாவு, அதே பியூரெட் அளவு. பால் மாவில் யூரியா கலந்திருந்தாலும் இந்த முறை அதைப் புரதமாகவே காட்டும். யூரியாவின் எடையில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன்.

எனவே என் அறிக்கையில் புரதத்தை மட்டும் எழுதுவதில்லை. நைட்ரஜன் சதவீதம், பயன்படுத்திய பெருக்கி, மாவின் ஈரப்பதம் மூன்றையும் ஒரே வரியில் எழுதுகிறேன். சென்ற மாதம் பாலக்கோட்டிலிருந்து வந்த ஒருவர், வேறொரு கூடத்தில் தம் கேழ்வரகு மாவுக்கு 8.1 தந்ததாகவும் நான் 7.2 தந்ததாகவும் வருத்தப்பட்டார். அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். ஈரப்பதத்தை நீக்கிய உலர் எடைக்கு அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். நான் சோதித்த அவருடைய மாவில் ஈரம் 11 சதவீதம். 7.2-ஐ 0.89-ஆல் வகுத்துக் காட்டினேன், 8.1 வந்தது.