இறந்துபோன அப்பாவின் ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து தருவதாக 23,500 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

இன்று காலைதான் தெரிந்தது, கை நடுங்க நடுங்க எழுதுகிறேன். அப்பா மார்ச் மாதம் தவறிவிட்டார். பெயிண்ட் கடை அவர் ஒருவர் பெயரில் மட்டும். கடையை நடத்த எங்களில் யாருமில்லை, பதிவை மூடிவிடலாம் என்று வரி அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் ஒரு கன்சல்டன்ட்டிடம் போனேன். மனிதர் எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார். "அப்பாவை எனக்குத் தெரியும் தம்பி, நீங்கள் அலையாதீர்கள், மூடாவிட்டால் பாக்கியெல்லாம் உங்கள் தலையில் விழும், சொந்த வீட்டையே எடுப்பார்கள்" என்றார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். 15,000 கூலி, 8,500 'அரசுக் கட்டணம்', ஆக 23,500 ரூபாய். ஓ.டி.பி. வரும் என்று அப்பாவின் சிம்மையும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் கேட்டால் சர்வர் இல்லை, ஆபீசர் லீவு, "ஃபைல் மேலே இருக்கு". ஒரு கட்டத்தில் போனையே எடுக்கவில்லை. இன்று அப்பாவின் மெயிலைத் திறந்தால், ஏப்ரலிலிருந்து ரிட்டர்ன் போடவில்லை என்று நோட்டீஸ் மேல் நோட்டீஸ். ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலே Search Taxpayer பகுதியில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். Active என்று வருகிறது. ஏழு மாதமாக ஒன்றுமே செய்யவில்லை!

நேரே அலுவலகம் போனேன். அங்கே சொன்னதைக் கேட்டதும் இன்னும் எரிந்தது. ரத்து செய்ய அரசுக் கட்டணமே கிடையாது. இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் கொடுத்தால் அப்பாவின் கணக்கில் என் மொபைல் எண்ணையும் மெயிலையும் அவர்களே மாற்றித் தருவார்கள். அதன்பின் வாரிசாக நானே REG-16 என்ற ரத்து விண்ணப்பத்தைப் போடலாம், காரணம் உரிமையாளர் மரணம். இறந்த 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டுமாம். ரத்து உத்தரவு வந்தபின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற கடைசி ரிட்டர்ன், அதில் மிச்சமிருந்த சரக்கை வாங்கியபோது கட்டிய வரிக்கு எடுத்த கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த ஆள் கடையில் எத்தனை டின் இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டை எடுப்பார்கள் என்றதும் பொய். கடையைத் தொடர்ந்து நடத்தினால்தான் பழைய பாக்கி முழுக்க வாரிசுக்கு. மூடிவிட்டால் இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான், என் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சிம்மை யாரிடமும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் போட்டாயிற்று என்று சொன்னால், போட்டதும் தளம் தரும் ARN எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் போடவே இல்லை. வரி இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை ஏறும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். என் 23,500 ரூபாய்க்கு ரசீதுகூட இல்லை. நாளை காலை அம்மாவோடு மறுபடி அந்த மாடிக்குப் போகிறேன், முதலில் சிம்மை வாங்க வேண்டும்.