நடப்பு விகிதமா, விரைவு விகிதமா: சரக்கைக் கழித்தீர்களா?

ஒரு ஜவுளிக்கடையின் கணக்கு இது: ரொக்கமும் வங்கி இருப்பும் 1 லட்சம், கடனாளிகள் 2 லட்சம், சரக்கிருப்பு 4.8 லட்சம், முன்கூட்டிச் செலுத்திய வாடகை 20,000. ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய நடப்புப் பொறுப்புகள் 4 லட்சம்.

நடப்பு விகிதத்தில் எல்லாம் சேரும்: 8 ÷ 4 = 2:1. பார்க்க நிம்மதியாக இருக்கும்.

விரைவு விகிதத்தில் சரக்கும் முன்வாடகையும் கழியும்: 3 ÷ 4 = 0.75:1. அலமாரியில் இருக்கும் புடவை விற்றுப் பணமாக வேண்டுமே, அதற்குள் கடன் கொடுத்தவர் வந்துவிடுவார்.

பலர் முன்வாடகையை மட்டும் கழித்து 1.95 என்று எழுதிவிடுகிறார்கள். சரக்கு நிறைந்த கடைக்கு இரண்டு விகிதமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், சரக்கு உள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடன் கொடுக்கும் முன் நான் நம்புவது 0.75ஐத்தான், அதுவும் கடனாளிகள் ஒழுங்காகப் பணம் தருபவர்களாக இருந்தால்.