பீட்ரூட் ஜூஸ் குடித்து ஓடினால் வேகம் கூடுமா? நீண்ட நாள் குடித்துப் பார்த்ததில் தெரிந்தது

பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கத் திணறுகிற சாதாரண ஓட்டக்காரன் நான். ரேஸ் இருக்கும் மாதங்களில் பீட்ரூட் ஜூஸ் குடித்து வருகிறேன். கொஞ்சம் வேலை செய்கிறது, ஆனால் யூடியூபில் சொல்கிற அளவுக்கு இல்லை. அதுவும் நேரம் தவறினால் வெறும் இனிப்புத் தண்ணீர்தான்.

ஏன் நேரம் முக்கியம் என்றால், பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட் நேராகத் தசைக்குப் போய் எதுவும் செய்வதில்லை. அது ரத்தத்தில் கலந்து, அதில் ஒரு பகுதி எச்சிலில் திரும்ப வந்து, நாக்கின் பின்பக்கம் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றி, அதை நாம் விழுங்கி, அப்புறம்தான் ரத்தக் குழாய்களை விரித்துத் தசையின் ஆக்சிஜன் செலவைக் குறைக்கும் நைட்ரிக் ஆக்சைடு உடம்பில் உருவாகிறது. இவ்வளவு சுற்று முடிந்து ரத்தத்தில் நைட்ரைட் உச்சத்துக்கு வர இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும். ஷூ மாட்டிக்கொண்டே மடக்கென்று குடிப்பவர்களுக்கு வயிறு குலுங்குவதுதான் மிச்சம். கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மாதிரி மவுத்வாஷ் போட்டால் அந்த நாக்குப் பாக்டீரியாக்களும் போய்விடும், குடித்தது வீண். பல் தேய்ப்பதால் பிரச்சினை இல்லை.

நம்ம ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெயிலுக்குப் பயந்து ரேஸை விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கே தொடங்கிவிடுவார்கள், அப்படியென்றால் ஜூஸ் இரண்டரை மணிக்கு உள்ளே போயிருக்க வேண்டும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ரேஸுக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் தினமும் குடித்துவிட்டு, கடைசி டம்ளரை மூன்று மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகக் குடிக்கிறேன். எப்படியும் காலைக்கடன், பார்க்கிங், பிப் நம்பர் என்று அந்த நேரத்துக்கு எழத்தானே வேண்டும்.

அளவு: ஆய்வுகளில் கொடுப்பது ஒரு வேளைக்குச் சுமார் 400 மில்லிகிராம் நைட்ரேட். நான் நடுத்தர அளவு பீட்ரூட் மூன்று, தோல் சீவினால் 350 கிராம் தேறும், மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து எடுக்கிறேன். வேக வைத்தால் நைட்ரேட் தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் பச்சையாகத்தான். மண் வாசனைக்கு எலுமிச்சையும் இஞ்சியும். ஆனால் மண்ணையும் உரத்தையும் பொறுத்து ஒரே கடைப் பீட்ரூட்டிலேயே நைட்ரேட் இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம், வீட்டில் அதை அளக்க வழியில்லை. அளவு அச்சிட்ட செறிவூட்டிய சின்ன பாட்டில்களுக்கு அந்த ஒரு அனுகூலம் உண்டு, விலைதான் கையைக் கடிக்கும். பிழிந்ததை வெளியே வைத்து மறுநாள் குடிக்காதீர்கள், பாக்டீரியா அதிலேயே வேலையை ஆரம்பித்து நைட்ரைட்டைக் கூட்டிவிடும்.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் 2011இல் கிளப் அளவிலான சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த சோதனையில் 16 கிலோமீட்டரில் 2.7 சதவீத நேரம் குறைந்தது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் நன்கு பயிற்சி பெற்றவர்களை 50 மைல் ஓட்ட விட்டபோது வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவுதான். என் கணக்கு ஒரு சதவீதம். ஒரு மணி நேர ஓட்டத்தில் அது 36 விநாடி. ஈரப்பதம் கூடிய ஒரு காலை அதைவிட அதிகமாகவே பறித்துக்கொள்ளும். டிராக்கில் மூன்று கிலோமீட்டரை ஒரு வாரம் குடித்தும் ஒரு வாரம் குடிக்காமலும் மாறி மாறி முழு வேகத்தில் ஓடிப் பார்த்தேன். சராசரியில் குடித்த நாட்கள் சற்று முந்தின, ஆனால் குடிக்காத இரண்டு நாட்களுக்கு இடையிலேயே அதைவிடப் பெரிய வித்தியாசம் இருந்தது. ஒரே ஒரு ரேஸை வைத்து “சூப்பர், வேலை செய்யுது” என்பவர்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். வாட்ச் காட்டும் இதயத்துடிப்பைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது, குறைவது ஆக்சிஜன் செலவு.

எங்கள் குழுவில் வேகமாக ஓடும் அண்ணன் ஒருவர் விடாமல் குடித்துப் பார்த்துவிட்டு, “சிவப்பா சிறுநீர் போனதுதான் கண்ட பலன்” என்றார். அதில் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே உச்ச அளவில் பயிற்சி பெற்ற உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு தாராளமாகவே உருவாகிறது, மேலே ஊற்றுவதற்கு இடம் குறைவு. கீரையிலும் நைட்ரேட் உண்டு என்பதால், தினமும் அதை நிறையச் சாப்பிடுபவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மெதுவாக நான்கைந்து மணி நேரம் மாரத்தான் ஓடுபவர்களும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், நல்ல பலன் பெரும்பாலும் ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை மூச்சிரைக்க ஓடும் தூரங்களில்தான் பதிவாகியிருக்கிறது. சிவப்புச் சிறுநீர் சிலருக்கு வரும், பயம் வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டில் இருக்கும், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட்டை நினைத்து ஒதுங்குவது நல்லது, ரத்த அழுத்தத்துக்கோ நெஞ்சு வலிக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, இது அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் இறக்கும்.