பெட்டிக்கடையில் "நரம்பு மாத்திரை" என்று எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்

38,000 ரூபாய் போச்சு. பஸ் ஸ்டாப் பக்கத்துப் பெட்டிக்கடையில் பேப்பரில் மடித்துக் கொடுத்த மாத்திரையால் போச்சு. கடைப் பெயரை எழுதவில்லை, இப்படிப்பட்ட கடை எல்லா ஊரிலும் இருக்கிறது.

அம்மாவுக்கு 67 வயது. ராத்திரி தூக்கமில்லை என்று காய்ச்சல் மாத்திரை வாங்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார். "தூக்க மாத்திரை இல்ல பெரியம்மா, நரம்புக்கு நல்லது. நம்ம ஊர்ல பாதிப் பேர் இதத்தான் போடுறாங்க" என்று கொடுத்தான். பெரியம்மா என்று கூப்பிட்டுக் கொடுத்ததால்தான் அம்மா நம்பினார். முதலில் நன்றாகத் தூங்கினார். பிறகு ஒன்று போதாமல் இரண்டு. ஒரு நாள் விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர் தள்ளாடி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆபரேஷன், மருந்து எல்லாம் சேர்த்து 38,000.

கடையில் போய்க் கேட்டால், "பில் இருக்கா?" என்றான். பிறகு, "உங்கம்மாதான கேட்டு வாங்குனாங்க" என்றான். அடுத்த முறை போனபோது அந்த மாத்திரையே நாங்க விக்கிறதில்லை என்றான்.

இன்று ஊர் மருத்துவ முகாமில் நர்ஸம்மா இதைப் பற்றித்தான் பேசினார். அம்மாவிடம் மிச்சமிருந்ததைக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கத்தரித்த துண்டுகள். பின்பக்கம் "சோலம்" என்று பெயரின் வால் மட்டும்தான் இருந்தது. பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலமாக இருக்கும், ஆனால் எத்தனை மில்லிகிராம், எப்போது காலாவதி என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது என்றார். அட்டையைத் துண்டாக்கும்போது சிவப்புக் கட்டத்தில் இருக்கும் எச்சரிக்கையும் போய்விடுகிறது. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. லைசென்ஸ் உள்ள மருந்துக்கடைகூட டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. எழுதிய டாக்டர், நோயாளி, எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்கடைக்கு இதைத் தொடவே உரிமையில்லை!

நான் கோபத்தில் மாத்திரைகளைக் குப்பையில் போடுகிறேன் என்றதும் அவர் தடுத்தார். "தினமும் போட்டுப் பழகின உடம்பு. திடீர்னு நிறுத்தினா நடுக்கம், படபடப்பு, வலிப்புகூட வரும். டாக்டர்கிட்ட காட்டுங்க, கொஞ்சங்கொஞ்சமாக் குறைப்பாங்க" என்றார். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறேன். அந்த 38,000 வராது, தெரியும். மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. துண்டாகக் கத்தரித்த மாத்திரை வாங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் முந்தானை முடிச்சு, சுருக்குப்பை, தலையணை அடியெல்லாம் பாருங்கள். சாராயத்தோடு இதைச் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடும் என்றார் நர்ஸம்மா. எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது என்றால் உடனே 108. மிச்ச மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள்.