கருங்கல் துண்டின் அடர்த்தி: அளவுசாடியா, தராசா?

53.2 கிராம் எடையுள்ள கருங்கல் சில்லு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவுசாடியில் போட்டால் தண்ணீர் 60 மி.லி.யிலிருந்து 80க்கு ஏறுகிறது. கன அளவு 20 மி.லி., அடர்த்தி 2.66. வேலை சுலபம்தான். ஆனால் கோடுகள் 1 மி.லி. இடைவெளியில் இருப்பதால் கன அளவு 19 ஆகவும் இருக்கலாம், 21 ஆகவும் இருக்கலாம். அப்படியானால் விடை 2.80 முதல் 2.53 வரை எதுவாகவும் இருக்கலாம்.

அதே கல்லை மெல்லிய நூலில் கட்டி, தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கவிட்டால் 33.5 கிராம் காட்டுகிறது. குறைந்த 19.7 கிராம், கல் விலக்கிய தண்ணீரின் எடை. 53.2 ÷ 19.7 = 2.70. தராசு 0.1 கிராம் பிசகினாலும் விடை 0.01 அளவுக்குத்தான் நகரும். 30 டிகிரி தண்ணீரின் அடர்த்தி 0.996, அதால் பெருக்கினால் 2.69. என் தேர்வு இதுதான்.

ஒன்றை மட்டும் விடாமல் பார்க்க வேண்டும்: காற்றுக்குமிழி. கல்லில் ஒட்டிய குமிழி அதைத் தூக்கிப்பிடிக்கும். அடர்த்தி குறைவாக வரும். நூலை மெல்ல ஆட்டியதும் எடை கூடினால், குமிழி இருந்திருக்கிறது என்று அர்த்தம். கல் அடியில் தட்டினாலும் இதே பிழைதான். சாடியிலும் குமிழி கன அளவைக் கூட்டிக் காட்டும், ஆனால் அங்கே அது கண்ணில் படாமலே போய்விடும்.